தனித்தொகுதி எப்படி ஊர் மாறுகிறது? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதிகளை முன்வைத்து



மறைந்த தோழரின் நினைவாக நடக்கும் இந்தப் பேருரைக்கு வழக்கறிஞர்களும் கல்லூரி ஆசிரியர்களும் வந்திருக்கிறீர்கள். பஞ்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்களும், சத்திரப்பட்டித் தறியை நிறுத்திவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். எனவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சட்டத்தில் உள்ள சொல்லைச் சொல்லும்போது, அதன் பொருளை வீட்டில் பேசும் தமிழிலும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். சட்டம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லின் பொருள் சிலருக்கு மட்டும் தெரிந்திருப்பதால் என்ன இழப்பு வருகிறது என்பதும் இன்றைய பேச்சில் அடங்கியிருக்கிறது.

பொருள் இதுதான். 2006 சட்டமன்றத் தேர்தல் வரை ராஜபாளையம் தனித்தொகுதி. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் மட்டுமே அங்கே வேட்பாளராக முடியும். ஸ்ரீவில்லிபுத்தூர் பொதுத்தொகுதியாக இருந்தது. 2011 தேர்தலில் இது தலைகீழானது. ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி ஆயிற்று, ராஜபாளையம் பொதுத்தொகுதி ஆயிற்று. இரண்டு ஊருக்கும் இடையே டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். ராஜபாளையத்துச் சேரி மக்கள் வீடு மாறவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிதாக யாரும் குடிவரவுமில்லை. பிறகு எப்படி மாறியது?

பலரிடம் இதைக் கேட்டால், "சுழற்சி முறை, இந்தத் தடவை அவங்களுக்கு" என்பார்கள். அது சரியல்ல. சுழற்சி உள்ளாட்சியில் உண்டு. ஊராட்சித் தலைவர் பதவியும் வார்டும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் சுற்றில் மாறும். சட்டமன்றத் தொகுதிக்கு அந்த விதி கிடையாது. 1976இல் போட்ட எல்லையின்படி 1977 முதல் 2006 வரை எட்டுத் தேர்தல்கள் நடந்தன. எட்டிலும் ராஜபாளையம் தனித்தொகுதியாகவே இருந்தது. மாறியது 2008இல் ஒரே ஒரு முறை. அதற்குக் காரணம் ஒரு கணக்கு. அதை மூன்று படிகளாகப் பார்ப்போம்: எத்தனை இடம், எந்த மாவட்டத்துக்கு, எந்தத் தொகுதியில்.

எத்தனை இடம்

அரசமைப்புச் சட்டத்தின் 332ஆவது உறுப்பு, மாநிலத்தின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் எந்த விகிதமோ, சட்டமன்ற இடங்களிலும் ஏறத்தாழ அதே விகிதம் அவர்களுக்கு என்கிறது. நூறு பேரில் பத்தொன்பது பேர் என்றால், நூறு இடத்தில் பத்தொன்பது.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 6,24,05,679 பேர் இருந்தார்கள். அவர்களில் பட்டியல் சாதியினர் 1,18,57,504 பேர். இது சரியாக 19 விழுக்காடு. மொத்தம் 234 தொகுதி. 234இல் 19 விழுக்காடு 44.46. பாதிக்குக் குறைந்த பின்னத்தை விட்டுவிட்டால் 44. அதற்கு முன் 42 தனித்தொகுதிகள் இருந்தன, 1971 கணக்கெடுப்பை வைத்துப் போட்டது. பட்டியல் பழங்குடியினருக்கு இதே கணக்கில் 2.44 வந்து, இருந்த 3 இடம் 2 ஆகக் குறைந்தது.

மாநிலத்தின் மொத்த இடங்களை 1971 கணக்கெடுப்பின் அளவிலேயே நிறுத்தி 1976இல் 42ஆவது திருத்தம் ஒரு பூட்டைப் போட்டது. அந்தப் பூட்டைத் திறக்காமல், 234 என்ற எண்ணைத் தொடாமல், உள்ளே இருக்கும் எல்லைகளையும் தனித்தொகுதிகளையும் மட்டும் 2001 கணக்கின்படி திருத்த 2003இல் வந்த 87ஆவது திருத்தம் இடம் கொடுத்தது. இதைத்தான் தொகுதி மறுவரையறை என்கிறோம். வயல் வரப்பைத் திருத்திப் போடுவது போலத்தான் இதுவும். நிலம் அதேதான், வரப்பு மட்டும் நகரும். இந்த வேலையைச் செய்தது நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம்.

இங்கே நிபுணர்களும் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதியினர் 1,44,38,445 பேர். மொத்தம் 7,21,47,030 பேர். விகிதம் 20.01. அதே 234ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 46.83, அதாவது 47 இடம். மக்களவையில் தமிழ்நாட்டின் 39 இடங்களுக்கு 2001 கணக்கில் 7.41 வந்ததால் 7 தனித்தொகுதி. 2011 கணக்கில் 7.8, அதாவது 8. ஆனால் 2011 கணக்கை வைத்து இங்கே மறுவரையறை நடக்கவில்லை. மக்கள் எண்ணப்பட்டார்கள், இடம் எண்ணப்படவில்லை. சட்டமன்றத்தில் 3, மக்களவையில் 1 என்ற இந்த வித்தியாசத்துக்குக் காரணம் யாருடைய தீய எண்ணமும் அல்ல. கணக்கெடுப்பு 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற ஒழுங்கில் வந்தது, இடங்களைத் திருத்தும் வேலைக்கு அந்த ஒழுங்கு இல்லை. இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளியில்தான் இந்த இடங்கள் போய்விட்டன.

எந்த மாவட்டத்துக்கு

இரண்டாவது படி மாவட்டம். மாநில மக்கள்தொகையை 234ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 2,66,691 பேர். 2001இல் விருதுநகர் மாவட்டத்தில் 17,51,301 பேர். வகுத்தால் 6.57 வரும். ஆகவே 7 தொகுதி: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருச்சுழி. ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை இலட்சம் பேர் விழுந்தது.

மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். ஏழில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 1.4. இது ஒன்றுதான் ஆகும், இரண்டு ஆகாது. அந்த 0.4 எங்கே போகிறது என்றால், எங்கும் போகவில்லை. மாவட்டத்துக்கு மாவட்டம் இப்படிப் பின்னம் விழும், கூடுகிற இடமும் உண்டு, குறைகிற இடமும் உண்டு. விருதுநகர் மாவட்டத்துக்கு ஒன்றே ஒன்று என்று ஆனது. ஆகவே ராஜபாளையத்தில் இருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்காது, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தால் ராஜபாளையத்தில் இருக்காது. இரண்டு ஊர் மக்களும் இதை ஒருவருக்கொருவர் போட்டியாக நினைத்தால், அந்தப் போட்டியை உண்டாக்கியது அவர்கள் அல்ல, வகுத்தலில் வந்த அந்த ஒன்று.

எந்தத் தொகுதியில்

மூன்றாவது படியில்தான் வாதத்துக்கு இடமிருக்கிறது. 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவு: தனித்தொகுதிகள் மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளில் பரவி இருக்க வேண்டும். இயன்ற வரை, பட்டியல் சாதியினரின் விகிதம் ஒப்பீட்டளவில் அதிகமாக உள்ள இடங்களில் இருக்க வேண்டும். பழங்குடியினருக்கான விதி வேறு. அவர்களுக்கு, இயன்ற வரை, விகிதம் எங்கே மிக அதிகமோ அங்கே என்று சொல்கிறது. நமக்குச் சொல்லும்போது மட்டும் "ஒப்பீட்டளவில்", "பரவி" என்று இரண்டு நெகிழ்ச்சியான சொற்கள் கூடுதலாக வந்து உட்கார்ந்திருக்கின்றன.

அதற்குக் காரணம் உண்டு. பழங்குடி மக்கள் பெரும்பாலும் சில மலைப்பகுதிகளில் சேர்ந்து வாழ்கிறார்கள். நாம் ஊர்தோறும் ஊருக்கு வெளியே பரவிக் கிடக்கிறோம். அதிகம் உள்ள இடத்தில் மட்டும் கொடுத்தால் சில மாவட்டங்களில் குவிந்துவிடும், மற்ற மாவட்டத்துத் தலித்துகளுக்கு ஒன்றும் இருக்காது. பரப்பிக் கொடுத்தால் எல்லா மாவட்டத்துக்கும் ஒரு குரல் கிடைக்கும், ஆனால் அந்தந்தத் தொகுதியில் நம் ஓட்டின் பலம் குறையும். இரண்டும் நியாயமே. இரண்டையும் முழுதாகப் பெற முடியாது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம், வீடு மாறாமல் தொகுதி எப்படி மாறும்? ஓர் எடுத்துக்காட்டு. இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் போட்டவை, எந்த ஊருக்கும் உரியவை அல்ல.

அருகருகே இரண்டு தொகுதி. இரண்டிலும் தலா 2,50,000 பேர். மேற்குத் தொகுதியில் பட்டியல் சாதியினர் 55,000 பேர், அதாவது 22 விழுக்காடு. கிழக்குத் தொகுதியில் 50,000 பேர், அதாவது 20 விழுக்காடு. தனித்தொகுதி மேற்குக்குத்தான் போகும். இப்போது எல்லையைத் திருத்துகிறார்கள். மேற்கிலிருந்து 25,000 பேர் வாழும் சில கிராமங்கள் கிழக்கில் சேர்கின்றன, அவர்களில் 9,000 பேர் பட்டியல் சாதியினர். பதிலுக்குக் கிழக்கிலிருந்து 25,000 பேர் மேற்குக்கு வருகிறார்கள், அவர்களில் 4,000 பேர்தான் பட்டியல் சாதியினர். இப்போது மேற்கில் 50,000, கிழக்கில் 55,000. விகிதம் தலைகீழாகிவிட்டது, தனித்தொகுதி கிழக்குக்குப் போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு கிராமங்களின் பெயர் ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்கு மாறியது, நடந்தது அவ்வளவுதான்.

எல்லைக்கோடு சாதி பார்த்துப் போடப்படுவதில்லை. ஒரு தொகுதி ஒரே மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும், நிலத் தொடர்ச்சி இருக்க வேண்டும், மக்கள்தொகை சராசரியிலிருந்து அதிகம் விலகக் கூடாது என்பவைதான் நெறிகள். ஆனால் இந்த நெறிகளுக்கு உட்பட்டே ஒரு கோட்டைப் பல வகையில் போடலாம். எந்தக் கோடு என்பதைப் பொறுத்து எந்த ஊர் தனித்தொகுதி என்பதும் மாறும். கோட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் நாம் இல்லையென்றால், முடிவைப் பற்றிப் பிறகு பேசிப் பயனில்லை.

எண்ணிக்கையில் விழும் ஓட்டை

மூன்று படிக்கும் அடியில் இருப்பது கணக்கெடுப்பு. அந்த எண் தவறினால் மேலே உள்ளதெல்லாம் தவறும். அங்கே ஒரு பெரிய ஓட்டை சட்டத்திலேயே இருக்கிறது.

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின்படி இந்துக்களும், 1956 முதல் சீக்கியர்களும், 1990 முதல் பௌத்தர்களும் மட்டுமே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவத் தலித் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே தெருவில் அண்ணன் அம்மன் கோவிலுக்குப் போகிறார், தம்பி தேவாலயத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். குழாயடியும் சுடுகாடும் இருவருக்கும் எங்கே என்பதை ஊர் ஒரே மாதிரிதான் முடிவு செய்கிறது. கணக்கெடுப்பில் மட்டும் அண்ணன் மேலேயும் கீழேயும் எண்ணப்படுவார், தம்பி கீழே மட்டும். மேலே என்பது பட்டியல் சாதி எண்ணிக்கை, கீழே என்பது மொத்த மக்கள்தொகை. கீழே எண் குறையாமல் மேலே மட்டும் குறைவதால் விகிதம் இறங்கும். தென்மாவட்டங்களில் தலித் கிறிஸ்தவர்கள் வாழும் ஊர்கள் குறைவல்ல. ஒரு விழுக்காட்டின் கீழ்ப் பின்னத்தில் முடிவாகும் விஷயத்தில் இது சிறிய இழப்பல்ல.

இது சரியாக எண்ணப்பட்டிருக்கிறதா என்று நாமே பார்க்கலாம். கணக்கெடுப்புத் துறை கிராமவாரியாகவும் நகர வார்டுவாரியாகவும் வெளியிடும் முதன்மைச் சுருக்க அட்டவணையில் `TOT_P` என்ற பத்தியில் மொத்த மக்களும், `P_SC` என்ற பத்தியில் பட்டியல் சாதியினரும் இருப்பார்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் விகிதம். பத்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. பெரிய காலனி உள்ள ஒரு கிராமத்தில் இந்த எண் தெருவில் தெரியும் எண்ணிக்கைக்கு மிகவும் குறைவாக இருந்தால், காரணம் மதமா, விடுபட்ட வீடுகளா, கணக்கெடுப்பாளர் சாதிப் பெயரைச் சரியாகக் குறிக்காததா என்று கேட்க வேண்டும்.

கதவு திறந்திருக்கும் நாட்கள்

ஆணையத்துக்குத் துணையாகத் தமிழ்நாட்டில் ஐந்து நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் இணை உறுப்பினர்களாக இருந்தார்கள். அவர்கள் பேசலாம், மறுப்பைப் பதியலாம். வாக்களிக்கவோ முடிவில் கையெழுத்திடவோ உரிமை இல்லை. பிறகு ஆணையம் வரைவை அரசிதழிலும் செய்தித்தாளிலும் வெளியிட வேண்டும், ஒரு தேதி குறிக்க வேண்டும், அதற்குள் வரும் ஆட்சேபங்களைப் பார்த்து, பொது அமர்வு நடத்தி, அதன் பின்தான் இறுதி ஆணை. இந்த இடைவெளிதான் நமக்குள்ள கதவு.

இறுதி ஆணை வந்த பிறகு கதவு ஏறக்குறைய மூடிவிடும். ஆணை சட்டத்தின் வலிமை பெற்றது, நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கிறது மறுவரையறைச் சட்டம். உஜ்ஜைன் மக்களவைத் தொகுதியைத் தனித்தொகுதி ஆக்கியதை எதிர்த்து மேக்ராஜ் கோத்தாரி தொடுத்த வழக்கில், 1966இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024இல் குஜராத்தின் பர்தோலி தொகுதி தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம் சற்றே இடம் கொடுத்தது: ஆணை வெளிப்படையாகத் தன்னிச்சையாகவும் அரசமைப்பின் விழுமியங்களுக்கு ஒவ்வாமலும் இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம். இதை வாசல் என்று நினைக்க வேண்டாம், சன்னல் மட்டுமே. "எங்கள் ஊருக்கு வேண்டும்" என்ற குறை அந்தச் சன்னலுக்குள் நுழையாது.

ஆகவே ஆட்சேபம் எப்படி இருக்க வேண்டும் என்பது முக்கியம். "எங்கள் பகுதியில் தலித்துகள் அதிகம், எங்களுக்குத் தனித்தொகுதி வேண்டும்" என்ற மனு உண்மையாக இருந்தாலும் அதை வைத்து ஆணையம் ஒன்றும் செய்ய முடியாது. பயன்படும் மனு வேறு மாதிரி இருக்கும். எந்தெந்த வருவாய்க் கிராமம், எந்தெந்த வார்டு, எந்தத் தொகுதியிலிருந்து எதற்கு மாற வேண்டும் என்று பெயர் சொல்லும். ஒவ்வொன்றின் மொத்த மக்கள்தொகையையும் பட்டியல் சாதி எண்ணிக்கையையும் தரும். மாற்றிய பிறகு இரண்டு தொகுதியின் மொத்தமும் விகிதமும் என்ன என்று போட்டுக் காட்டும். நிலத் தொடர்ச்சி உடையவில்லை என்று வரைபடத்தில் காட்டும். ஒரு பக்கத்தில் அடங்கும் இந்த மனுவுக்குப் பதில் சொல்லாமல் தள்ளுவது கடினம்.

போனதும் போகாததும்

தனித்தொகுதி போய்விட்டால் ராஜபாளையத் தலித்துக்கு எதுவும் இல்லை என்பது சரியல்ல. பொதுத்தொகுதியிலும் பட்டியல் சாதியினர் போட்டியிடச் சட்டத்தில் தடை கிடையாது. இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதி ஒரு பொது இடமும் ஒரு பழங்குடி இடமும் கொண்ட இரட்டைத் தொகுதி. இரண்டு இடத்தையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றார்கள். தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி. அவர் வழக்குப் போட்டார். அதிக ஓட்டு வாங்கியவர் பொது இடத்தைப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1959இல் சொல்லிவிட்டது. 1961இல் இரட்டைத் தொகுதி முறையே ஒழிக்கப்பட்டது. அதன் பின் வந்ததுதான் இன்றைய ஒற்றைத் தனித்தொகுதி. ஒதுக்கிய இடத்துக்கு வெளியே நாம் வெல்வதைச் சட்டம் தடுக்கவில்லை. பொதுத்தொகுதியில் தலித்துக்குச் சீட்டுத் தருவது அரிதாக இருப்பது கட்சிகளின் பழக்கம்.

மக்களவைக்கு வந்தால் இரண்டு ஊரும் ஒன்றுதான். தென்காசி தனித்தொகுதியில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. ஆகவே ராஜபாளையத்து வாக்காளர் சட்டமன்றத்துக்குப் பொதுத்தொகுதியிலும் மக்களவைக்குத் தனித்தொகுதியிலும் ஓட்டுப் போடுகிறார்.

தனித்தொகுதி வந்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்பதும் சரியல்ல. 1932 பூனா ஒப்பந்தம் முதல் நமக்கு இருப்பது கூட்டு வாக்காளர் முறை. வேட்பாளர் நம்மவர், வாக்காளர் ஊரார் அனைவரும். விகிதம் 22 என்றால் 78 பேர் நம்மவரல்லாதவர்கள். அவர்களுக்குப் பிடிக்காத கேள்வியைக் கேட்கும் உறுப்பினர் அடுத்த தேர்தலைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். விகிதம் அதிகமுள்ள இடத்தில் தனித்தொகுதி அமைய வேண்டும் என்று நாம் சொல்வதற்கு உண்மையான காரணம் இதுதான். ஒவ்வொரு விழுக்காடும் அந்த உறுப்பினருக்குக் கொஞ்சம் முதுகெலும்பு தருகிறது.

1971 கணக்கின் மேல் போட்ட பூட்டை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை 84ஆவது திருத்தம் நீட்டியது. 2025 ஜூனில் அறிவிக்கப்பட்ட கணக்கெடுப்பின் கணக்கு நாள் 2027 மார்ச் 1. அடுத்த எல்லைக்கோடு எந்த ஆண்டில் வந்தாலும் அதற்கு ஓர் எண் அடிப்படையாக இருக்கும், அந்த எண் நம் வீட்டு வாசலில் எழுதப்படுவது. கணக்கெடுப்பாளர் வரும்போது காலனியில் ஒரு வீடும் பூட்டிக்கிடக்காமல் பார்ப்பது, பட்டியலில் உள்ள சாதிப் பெயரையே எழுதச் சொல்வது, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்வது முதல் வேலை. அட்டவணை வெளிவந்ததும் நம் ஏழு தொகுதிக்கும் கிராமவாரியாக அந்த வகுத்தலைப் போட்டு வைப்பது இரண்டாவது வேலை. வரைவு வெளிவரும் நாளில் நம் கையில் அந்தக் கணக்கு இருக்க வேண்டும். அதன் பிறகு கணக்குப் போட உட்கார்ந்தால் ஆட்சேபத் தேதி போய்விடும்.